மூன்று பருவம், 12 ஆவர்த்தனம்: பேச்சில்லாத லுக்புக் வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி

லுக்புக் வீடியோ எடுப்பவர்கள் பெரும்பாலும் துணிகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எட்டு உடை இருக்கிறது, எட்டையும் எடுப்போம், அப்புறம் ஏதாவது பாட்டைப் போட்டு வெட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. வருவது ஒரு அலமாரியைத் திறந்து காட்டியதுபோன்ற வீடியோ. எந்த உடை எந்தக் காலத்துக்கு என்பது பார்ப்பவருக்குக் கடைசிவரை பிடிபடாது. குரல் விளக்கம் இல்லாமல், இசையும் கேப்ஷனும் மட்டுமே கதை சொல்லவேண்டும் என்றால் வேலையைத் தலைகீழாகச் செய்யவேண்டும்: முதலில் தாளம், அடுத்து பருவம், அதன்பிறகு உடை, கடைசியில்தான் எழுத்து.

சென்னையில் கைத்தறியும் பருத்தியும் விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். பெண்கள் உடை எட்டு, ஒரே ஒரு மாடல், கையில் ஒரு போன், ஒரு வீட்டு வாசல். ஒரு நிமிடத்துக்குள் முடியும் செங்குத்து வீடியோ. அதன் ஸ்கிரிப்ட்டை முதல் வரியிலிருந்து கடைசி ஏற்றுமதி வரை போட்டுப் பார்ப்போம்.

முதலில் தாளம்

வேகத்தை நிமிடத்துக்கு 100 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. நிமிடத்துக்கு 100 என்றால் ஒரு அடி 0.6 நொடி. வினாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் அது மிகச்சரியாக 15 ஃபிரேம். 30 ஃபிரேமில் எடுத்தால் 18. இரண்டிலும் பின்னம் வராது. 96 என்று வைத்துப் பாருங்கள், 30 ஃபிரேமில் ஒரு அடி 18.75 ஆகிவிடும். ஒவ்வொரு வெட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்தைவிட்டு நழுவும். எடிட் செய்பவர் கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டியதுதான்.

ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். ஒரு அட்சரத்துக்கு ஒரு அடி என்றால், ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, 4.8 நொடி. 12 ஆவர்த்தனம் 57.6 நொடி. ஒரு நிமிட எல்லைக்குள் அழகாக அடங்குகிறது. ஒரு புடவையை முழுதாகப் பார்க்கவும், ஒரு வரி படிக்கவும் 4.8 நொடி போதும்; சலிக்கிற அளவுக்கும் நீளாது. ஆகவே ஸ்கிரிப்ட்டின் அளவுகோல் ஆவர்த்தனம்தான். "0:14-இல் வெட்டு" என்று எழுதாதீர்கள், "நான்காம் ஆவர்த்தனம், சமம்" என்று எழுதுங்கள். சமம் என்பது சுற்றின் முதல் அட்சரம். வாத்தியம் வாசிப்பவருக்கும் எடிட்டருக்கும் ஒரே தாளைக் கொடுத்துவிடலாம்.

30-ஐவிட 25 ஃபிரேமை நான் விரும்புவதற்குக் காரணம் நம் மின்சாரம். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல எல்.இ.டி. விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்கும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். 30 ஃபிரேம், 1/60 என்று வைத்தால் சில விளக்குகளின் கீழே படத்தில் மெல்லிய பட்டைகள் ஊரும். பட்டுப்புடவையில் அது தறியின் குறைபோலத் தெரியும். ஐபோனில் கேமரா அமைப்புக்குள் PAL Formats என்பதை இயக்கினால் 25 ஃபிரேம் கிடைக்கும். உங்கள் போனில் 25 இல்லவே இல்லையா? சரி, 30-இலேயே எடுங்கள், ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100-இல் பூட்டுங்கள். பகல் வெளிச்சத்தில் இந்தத் தொல்லை இல்லை.

பருவத்தை வாசலில் வைப்பது

"ஸ்பிரிங்-சம்மர்", "ஆட்டம்-விண்டர்" என்று தலைப்புப் போடுவதில் சென்னைக்காரருக்கு ஒரு பொருளும் இல்லை. இங்கே உடை உண்மையில் மாறுவது மூன்று தடவை: சித்திரை வெயில், ஐப்பசி மழை, மார்கழிப் பனியும் அதைத் தொடரும் தையும். பழைய இலக்கணம் ஆறு பெரும்பொழுது சொல்கிறதே என்று ஆறையும் இழுத்துவராதீர்கள். ஒரு நிமிடம் மூன்றைத்தான் தாங்கும்.

பருவம் மாறிவிட்டது என்று எழுத்தைப் படிக்காமலே தெரியவேண்டும். அதற்கு மாறாத ஒன்று வேண்டும். நான் எடுத்துக்கொள்வது வாசல். எல்லா உடையும் ஒரே வாசலில், ஒரே கேமரா உயரத்தில், ஒரே தூரத்தில். மாறுவது கோலம் மட்டும். சித்திரையில் சின்னதாக, காய்ந்த வெள்ளைப் புள்ளிக் கோலம். ஐப்பசியில் அது கரைந்து ஓடுகிறது. மார்கழியில் பெரிய கோலம், நடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூ. தையில் வண்ணப்பொடி. இட மாற்றமும் உடை மாற்றமும் ஒன்றாக நடந்தால் கண் இடத்தைத்தான் பார்க்கும். பீச், கஃபே, கோயில் மண்டபம் என்று சுற்றி எடுத்த லுக்புக்குகளில் உடை நினைவில் நிற்காததற்கு இதுதான் காரணம்.

உடைகளை அடுக்குவது

எட்டு உடையையும் நிறத்தை வைத்து அடுக்கவேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். நிறம் இரண்டாவது. முதலில் பார்க்கவேண்டியது துணியின் கனமும் அது நடந்துகொள்ளும் விதமும். கையில் எடுத்து உதறிப் பாருங்கள்: காற்றில் பறக்கிறதா, விறைப்பாக நிற்கிறதா, கனத்தில் சட்டென்று விழுகிறதா? பறப்பதிலிருந்து விழுவதை நோக்கி அடுக்கினால் பருவம் தானாக முன்னேறும்.

வெயிலுக்கு மூன்று: கஞ்சி போடாத வெளிர்மஞ்சள் மதுரைச் சுங்குடி, கையில்லாத நீலப் பருத்திக் குர்தா, சாம்பல் நிற லினன் புடவை. மழைக்கு இரண்டு: அரக்குக் கட்டம் போட்ட காரைக்குடிக் கண்டாங்கி, அடுத்தது அதே நீலக் குர்தா, மேலே முழுக்கைச் சட்டை, கணுக்காலோடு நிற்கும் பேன்ட். மார்கழிக்கும் தைக்கும் மூன்று: கோரா பட்டு, முழுக்கை ரவிக்கையோடு ஒரு பட்டுப்பருத்திப் புடவை, கடைசியாகக் காஞ்சிப் பட்டு.

கண்டாங்கியைப் பலர் வெயில் உடை வரிசையில் வைப்பார்கள், பருத்திதானே என்று. ஆனால் அசல் கண்டாங்கி கனமான துணி. அந்தக் காலத்தில் அதைக் காலில் நன்றாகத் தூக்கித்தான் கட்டினார்கள். கொஞ்சம் உயர்த்திக் கட்டிய அழுத்தமான நிறப் புடவை மழைநாளுக்கு எவ்வளவு பொருத்தம்! உடையை எந்தப் பருவத்தில் வைக்கிறோம் என்பதற்கு இப்படி ஒரு காரணம் இருந்தால், கேப்ஷன் தானாகவே எழுந்து வரும். காரணம் கிடைக்காத உடையை வெளியே வையுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

நீலக் குர்தா இரண்டு முறை வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றே செய்தது. எல்லாமே புதிதாக வந்துகொண்டிருந்தால் அது துணிப் பட்டியல். ஒன்று திரும்பி வரும்போதுதான், ஒரே பெண் ஒரு வருடத்தைக் கடக்கிறாள் என்ற எண்ணம் வருகிறது. ஒன்று திரும்பினால் போதும், இரண்டு திரும்பினால் கடையில் சரக்கு இல்லையோ என்று தோன்றும்.

12 ஆவர்த்தனத்துக்குள் பங்கீடு

முதல் ஆவர்த்தனம் வெறும் வாசல். இரண்டு முதல் நான்கு வரை வெயில் உடைகள். ஐந்தாவதில் உடை இல்லை, மழை வருகிறது. ஆறும் ஏழும் மழை உடைகள். எட்டும் ஒன்பதும் மார்கழி. பத்தும் பதினொன்றும் காஞ்சிப் பட்டுக்கு மட்டும். பன்னிரண்டு மறுபடி வாசல், கடையின் பெயர்.

எல்லா உடைக்கும் சமமாக நேரம் கொடுக்கக் கூடாது. கடைசி உடைக்கு இரண்டு ஆவர்த்தனம் கொடுப்பதால்தான் கதை ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்ததாகத் தெரியும். ஐந்தாவதில் உடையே காட்டாமல் 4.8 நொடியை 'வீணடிப்பது' கடைக்காரருக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த இடைவெளி இல்லையென்றால் மழை வந்ததே தெரியாது. லினன் புடவைக்கு அடுத்து ஒரு கண்டாங்கி வந்ததாக மட்டும் தெரியும்.

இசை

சினிமாப் பாட்டு வேண்டாம். கடைக் கணக்கிலிருந்து போட்டால் ஒலி அடைக்கப்படலாம், வீடியோ நீக்கப்படலாம். கடைக்கான விளம்பரத்துக்குப் பாட்டைப் பயன்படுத்த உரிமை தனியாக வாங்கவேண்டும். நாமே பாடிப் பதிவுசெய்தாலும் மெட்டின் உரிமை வேறொருவருடையது. மும்மூர்த்திகள் கீர்த்தனைகளுக்கு உரிமைச் சிக்கல் இல்லை, ஆனால் ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உண்டு. இந்த வீடியோவுக்குப் பாட்டே தேவையில்லை. பாட்டில் சொல் இருந்தால் அது கேப்ஷனோடு மோதும்: காது ஒன்றைக் கேட்கும், கண் இன்னொன்றைப் படிக்கும். தெரிந்த வாத்தியக்காரர் சிலர் போதும். வீடியோவில் பயன்படுத்த அனுமதி என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர்களிடம் கேட்கவேண்டியது இதுதான். 100 வேகத்தில் மெட்ரோனோம் காதில் ஓடிக்கொண்டிருக்க வாசிக்கவேண்டும். அது இல்லாமல் வாசித்தால் உற்சாகத்தில் வேகம் மெல்ல ஏறிவிடும், ஒன்பதாம் ஆவர்த்தனத்துக்குள் ஒரு வெட்டும் பொருந்தாது. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி ட்ராக்காக வேண்டும். மிருதங்கமும் கடமும் சர்வலகுவாக, அதாவது சீரான எளிய நடையில் போகட்டும், சிக்கலான தாளக் கணக்கு வேண்டாம். நல்ல கணக்கு வைத்தால் பார்ப்பவர் தாளம் போட ஆரம்பித்துவிடுவார், புடவை போச்சு.

வேகம் கடைசிவரை மாறாது. பருவத்தை மாற்றுவது வாத்தியம்தான். ஒன்று முதல் நான்கு வரை தம்புராவும் கடமும் மட்டும், கடம் இடைவெளி விட்டு விட்டு. ஐந்தாவதின் சமத்தில் எல்லாம் நிற்கிறது. இரண்டு அட்சரம் மௌனம். மூன்றாவதில் மழைச் சத்தம், முதலில் தகரக் கூரையில் விழும் நாலைந்து சொட்டு, பிறகு பெருமழை. ஆறிலும் ஏழிலும் புல்லாங்குழலும் மிருதங்கமும், அடியில் மழை. எட்டில் வீணை மட்டும். ஒன்பதில் வீணையோடு கடம் திரும்புகிறது. பத்திலும் பதினொன்றிலும் எல்லாம் சேர்ந்து. பன்னிரண்டில் தம்புரா.

கேப்ஷன்

கண்ணுக்குத் தெரிவதை எழுதாதீர்கள். "மஞ்சள் சுங்குடிப் புடவை" என்று எழுதினால், மஞ்சள் ஏற்கெனவே தெரிகிறது. தொட்டுப் பார்த்தவருக்கும் உடுத்தியவருக்கும் மட்டுமே தெரிந்ததை எழுதுங்கள்: கஞ்சி போட்டிருக்கிறதா, கசங்குமா, சேறு படுமா, குளிருமா. நம் வீடியோவுக்கான வரிகள்:

1. சித்திரை. கோலப்பொடிகூடச் சுடுது.
2. கஞ்சி போடாத சுங்குடி. காற்று உள்ளே வரட்டும்.
3. கை வைக்காத குர்தா. வேர்க்க இடமில்லை.
4. கசங்கினால்தான் லினன்.
5. ஐப்பசி.
6. கணுக்காலுக்கு மேலே கண்டாங்கி. சேறு எட்டாது.
7. அதே குர்தா. மேலே ஒரு சட்டை.
8. மார்கழி. விடியும் முன் கோரா பட்டு.
9. சபா ஏசிக்கு முழுக்கை ரவிக்கை.
10. உடல் வேறு, கரை வேறு. சேர்ந்தது கோர்வையில்.
11. தை பிறந்தாச்சு.
12. (கடையின் பெயர்) அளவும் விலையும் கீழே.

மாதப் பெயர் நான்கு இடத்தில் மட்டும் வருகிறது. 'கோடைக்கால கலெக்ஷன்' என்று எங்கேயும் எழுதவில்லை. பத்தாவது வரிக்கு மட்டும் கிட்டப்போய் ஒரு காட்சி வேண்டும். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் மூன்று நாடா ஓட்டி நெய்து இணைக்கப்படுகின்றன. உடலின் நிறமும் கரையின் நிறமும் சந்திக்கும் இடம் சின்னச் சின்னப் பல்வரிசையாகத் தெரியும். விரல் நுனி அந்தக் கோட்டின்மேல் மெதுவாக ஓடுவது போதும், எட்டு அட்சரமும் அதற்கே. உங்கள் புடவை கோர்வை இல்லையென்றால் இந்த வரியை எழுதாதீர்கள். தெரிந்த ஒருவர் கீழே வந்து கேட்பார்.

கேப்ஷன் எப்போது வரவேண்டும் என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சமத்தில் உடை மாறும்போதே எழுத்தும் மாறினால், கண் எழுத்துக்குப் போய்விடும். உடையின் முதல் பார்வை போய்விட்டது. உடை சமத்தில் வரட்டும். எழுத்து இரண்டாம் அட்சரத்தில் தோன்றி, ஏழாவது முடியும்போது மறையட்டும். படிக்க 3.6 நொடி கிடைக்கிறது. ஆறு சொல்லுக்குமேல் போகாதீர்கள். அளந்து பார்க்க வழி எளிது: வீடியோவை ஓடவிட்டு, வரியை வாய்விட்டு நிதானமாக இரண்டு முறை படியுங்கள். இரண்டாவது முறை முடிவதற்குள் எழுத்து மறைந்தால் வரி நீளம்.

அடுத்து, எங்கே வைப்பது. 1080×1920 திரையில் அடிப்பகுதியில் கணக்கின் பெயரும் விளக்கமும் ஏறி உட்காரும், வலது ஓரத்தில் பொத்தான்கள் நிற்கும். அடியில் சுமார் 400 பிக்சல், வலதில் சுமார் 150, மேலே 250 என்று விட்டுவிடுவது பாதுகாப்பு. புடவைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. முந்தானை உடுத்துபவரின் இடது தோளில் விழுகிறது, அதாவது எதிரே பார்ப்பவருக்கு வலப்பக்கம். சரியாகப் பொத்தான்கள் நிற்கும் இடம்! ஆகவே மாடலை நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கமாக நிறுத்துங்கள். முந்தானை வேலைப்பாட்டைக் காட்டவேண்டும் என்றால் முதுகைக் காட்டித் திரும்பச் சொல்லுங்கள், அப்போது அது திரையின் இடப்பக்கம் வந்துவிடும். எழுத்தை முகத்துக்கு மேலே வையுங்கள், இடது ஒழுங்கில், எல்லா உடைக்கும் அதே இடத்தில். எழுத்து இடம் மாறிக்கொண்டே இருந்தால் தேடுவதிலேயே நேரம் போகும்.

எழுத்துருவில் மெல்லியதைத் தவிருங்கள். தமிழ் எழுத்தின் சுழிகள் கட்டம் போட்ட துணியின்மேல் காணாமல் போகும். Mukta Malar, Hind Madurai, Catamaran ஆகியவற்றின் நடுத்தரத் தடிமன் நன்றாக நிற்கிறது. கொம்பும் காலும் இடம் மாறி வந்தாலோ, எழுத்துக்குப் பதில் புள்ளி வட்டம் தெரிந்தாலோ, குறை எழுத்துருவில் இருக்காது. எடிட்டிங் மென்பொருள் தமிழை ஒழுங்காகக் கோக்கவில்லை. பிரீமியரில் Preferences-இல் Graphics பகுதிக்குள் Text Engine-ஐ South Asian and Middle Eastern என்று மாற்றினால் சரியாகும். மாற்ற வழியில்லாத ஆப் என்றால், எழுத்தை வேறிடத்தில் ஒளி ஊடுருவும் PNG படமாகச் செய்து மேலே வையுங்கள்.

படப்பிடிப்பு நாள்

சித்திரையில் வெளியிடவேண்டிய வீடியோவை முந்தைய மார்கழியிலேயே எடுத்துவைப்பது நல்லது. டிசம்பர் பூவும் விடியற்காலைப் பனியும் அப்போதுதான் கிடைக்கும். பங்குனியில் அவற்றைப் பொய்யாகச் செய்யமுடியாது. வெயிலைச் செய்யலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், நிழல். சித்திரை 11 வாக்கில் சென்னையில் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வரும், நண்பகல் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். மார்கழி நண்பகலில் அதே ஆளின் நிழல் அவருடைய உயரத்தில் முக்கால் பங்கு நீளம். அதனால் வெயில் உடைகளை எடுக்கும்போது தரையில் விழும் நிழல் படத்துக்குள் வரக் கூடாது; வாசலின் நிழலுக்குள் மாடல் நிற்க, பின்சுவர் வெயிலில் கண்கூசட்டும். முகத்திலும் கண்ணுக்குக் கீழே கருப்பு விழாது. மார்கழியில் மல்லிகை விலை எகிறும், நுங்கு கிடைக்காது. பனையோலை விசிறியும் மண்பானையும் வெயிலைச் சொல்லிவிடும்.

எடுக்கும் வரிசையைக் கோலம்தான் தீர்மானிக்கும், கதை வரிசை அல்ல. விடியுமுன் பூசணிப்பூக் கோலத்தோடு கோரா பட்டு. ஏழரை மணி இளவெயிலில் அதே கோலத்துக்கு வண்ணப்பொடி தூவிக் காஞ்சிப் பட்டு, கடைசிக் காட்சிக்கான வெறும் வாசலும் அப்போதே. கழுவிக் காயவிட்டு, சின்னக் கோலம் போட்டு, பத்து மணிக்கு மேல் வெறும் வாசல், சுங்குடி, குர்தா. நாலரைக்கு லினன். அதன்பிறகு தோட்டக் குழாயை மேலே பீய்ச்சிக் கோலம் கரைவதை எடுங்கள். இதற்கு ஒரே ஒரு வாய்ப்புதான், ஆகவே இன்னொரு போனைக் கடன் வாங்கித் தரைக்கு அருகில் வைத்து, இரண்டும் ஓடட்டும். துளிகள் தெரிய வெளிச்சம் துளிகளுக்குப் பின்னாலிருந்து வரவேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தண்ணீரே தெரியாது. ஈரம் காய்வதற்குள் கண்டாங்கி, குர்தா-சட்டை. இருட்டியதும் வாசல் விளக்கில் சபா புடவை.

ஒவ்வொரு உடைக்கும் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை மாடலின் கையில் கொடுத்து ஒரு நொடி எடுத்துக்கொள்ளுங்கள். வொயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டியபின் எடுங்கள், இல்லையென்றால் மாடல் திரும்பும்போதெல்லாம் புடவை நிறம் மாறும். பின்னால் வண்ணம் திருத்தும்போது சுவரை வெயிலாக்கலாம், வானத்தை நீலமாக்கலாம், துணியின் நிறத்தை மட்டும் தொடாதீர்கள். திரையில் அரக்காகத் தெரிந்தது வீட்டில் சிவப்பாகப் பிரிந்தால் பார்சல் திரும்பி வரும்.

எடுக்கும்போது 100 அடி மெட்ரோனோமை ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள், ஒலியைத்தான் பிறகு எடுத்துவிடப் போகிறோமே. முந்தானையை வீசுவதோ திரும்புவதோ ஐந்தாம் அட்சரத்தில் முடியவேண்டும் என்று மாடலிடம் சொல்லிவிட்டால், ஆவர்த்தனத்தின் நடுவிலும் ஒரு அழுத்தம் கிடைக்கும். அங்கே வெட்ட வேண்டியதில்லை. அடிக்கு அடி வெட்டினால் எட்டு உடையும் ஒரே கலவரமாகிவிடும்.

வெட்டியபின் இரண்டு சோதனை

வெட்டும்போது படத்தைச் சமத்துக்கு ஒரு ஃபிரேம் முன்னால் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் தாளத்தில் விழுந்ததாகப் படும். பிறகு ஒலியை முழுதாக அணைத்துவிட்டு, வீடியோவை இதுவரை பார்க்காத ஒருவருக்குக் காட்டுங்கள். "மழை எப்போ வந்துச்சு?" என்று கேளுங்கள். ஐந்தாவது கேப்ஷனைப் படித்துத்தான் தெரிந்தது என்று சொன்னால், கோலம் கரைவது போதுமான அளவு தெரியவில்லை. கேமராவைத் தரைக்கு இறக்கிய காட்சியை முன்னே கொண்டுவாருங்கள். பலர் ஒலியில்லாமல்தான் பார்ப்பார்கள், அவர்களுக்கு மௌனம் என்ற இசை வேலை நடக்கவே இல்லை. அடுத்து, அதே ஆளைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். வாத்தியம் மாறும் இடங்களில் கை தூக்கச் சொன்னால், ஐந்திலும் எட்டிலும் தயங்காமல் தூக்கவேண்டும். எட்டில் தயங்கினால் மழைச் சத்தம் வீணைக்குள் வழிந்துவிட்டிருக்கும். ஏழாவதின் கடைசி இரண்டு அட்சரத்தில் அதைச் சுத்தமாக அடக்குங்கள்.

பருவ எல்லைகள் எல்லாம் சமத்தில் இருப்பதால், இதே வீடியோவை மூன்றாக வெட்டியும் போடலாம்: 19.2 நொடி வெயில், 14.4 நொடி மழை, 24 நொடி மார்கழியும் தையும். முழு வீடியோவைச் சித்திரை பிறக்கும் வாரத்தில் போடுங்கள். மழைத் துண்டைப் புரட்டாசிக் கடைசியிலும், மார்கழித் துண்டைக் கார்த்திகை நடுவிலும் போட்டால், ஆர்டர் வந்து புடவை வீடு போய்ச் சேர நேரம் இருக்கும். மழைத் துண்டு தனியாகப் போகும்போது ஏழாவது வரியில் "அதே" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அங்கே முதல் குர்தாவை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.